திங்கட்கிழமை மழை

நீலகிரியில் மழை திங்கட்கிழமைகளில்தான் அதிகம் பெய்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். அந்தக் கண்டுபிடிப்பு பதினோரு நாட்கள் உயிரோடு இருந்தது. பதினோராம் நாள் பிற்பகல் மூன்றே காலுக்கு, ஊட்டியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்க அறையில், நாற்பது பேர் முன்னிலையில் அது செத்தது. அதன் பிறகு பல வருடங்கள் பத்திரிகையில் வேலை பார்த்து, எத்தனையோ பேர் எத்தனையோ தவறுகளை மேடையேறி அறிவித்ததைக் குறிப்பெடுத்திருக்கிறேன். என்னளவு படம் போட்டு விளக்கியவரை இன்னும் பார்க்கவில்லை.

அப்போது நான் புவியியலில் ஆராய்ச்சி மாணவி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தவள். கொண்டுபோன இரண்டு தலைப்புகளையும் என் கைடு மேடம் திருப்பித் தந்துவிட்டார். மூன்றாவதாக, மலைக்காய்கறி விற்பனை பற்றி அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்து, அரவேணு பக்கம் வீடு வீடாகப் போனேன். (அறுபத்து நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும் அளவுக்கு ஒரு விவசாயிக்கு நேரம் இருந்தால் அவர் விவசாயி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

செல்லையா ஆறு கேள்விக்குப் பதில் சொன்னார். ஏழாவதற்கு நிமிர்ந்து பார்த்தார்.

"போதும் டீச்சர். இனி நா கேக்குறேன், நீங்க எழுதிக்கங்க."

"நான் டீச்சர் இல்லீங்க. படிக்கிறேன்."

"கையில பேப்பரு இருக்கு, கேள்வி கேக்குறீங்க. டீச்சர்தானே?"

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவட்டத்தில் கப்பலேறி வந்து, இங்கேயும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஓய்ந்த பிறகு, ஒரு எஸ்டேட்டுக்குக் கீழே சரிவில் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. மகள் கமலா மேலே அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அவள் குடியிருந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான் சாப்பாடு.

அவர் கேட்டவை மூன்று கேள்விகள். என் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"வருசத்துக்கு இவ்வளவு மழைன்னு பேப்பர்ல போடுறாங்க. முன்ன மாதிரியேதான் பேயுதுங்குறாங்க. அப்ப என் ஊத்து மட்டும் ஏன் தை மாசமே வத்திப்போவுது? முன்ன பங்குனி வரைக்கும் ஓடுமே?"

"ஒரு நா மழை இவ்வளவுன்னு எழுதுறாங்க இல்லையா. அது நா பூரா பேஞ்சதா, அர மணித்தியாலம் பேஞ்சதா? அத எங்க எழுதுறாங்க?"

மூன்றாவதைக் கேட்கும்முன் நிலத்தைப் பார்த்தார். எதிரே பாத்திகள் வெறுமையாகக் கிடந்தன.

"எந்த வாரத்துல வெத போட்டா, வெத மண்ணுல நிக்கும்?"

கேரட்டுக்கு நாற்று கிடையாது. விதையை நேரே பாத்தியில்தான் தூவ வேண்டும். சீரகத்தைவிடச் சின்ன விதை, மணலோடு கலந்து தூவி, மேலே விரல் கனத்துக்கும் குறைவாக மண்ணைத் தள்ளிவிடுவார்கள். ஆழமாகப் போட்டால் முளைக்காது. முளைக்கப் பத்து நாளிலிருந்து பதினைந்து நாள் ஆகும். அந்தப் பதினைந்து நாளில் ஒரு வேகமான மழை போதும், விதையும் மண்ணும் சேர்ந்து ஓடைக்குப் போய்விடும். செல்லையாவுக்கு அந்த வருடம் இரண்டு முறை அப்படிப் போயிருந்தது. நிலத்துக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். காட்டேஜ் கட்ட இடம் கேட்டு அவரிடம் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 'இன்னொரு தடவை வெள்ளாமை வரலைன்னா இடத்தை விட்டுருங்க' என்று சொல்லிவிட்டார்.

"அப்ப இன்னும் ஒரு தடவதான் டீச்சர்" என்றார் செல்லையா. பஸ் எப்போது வரும் என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

கைடு மேடம் என் படிவத்தை வாங்கி, முன்பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"முன்பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடு. தலைப்பு பின்பக்கம் இருக்கு."

ஆக, என் ஆராய்ச்சியின் தலைப்பை ஒரு கேரட் விவசாயி வைத்தார். அதைக் கெடுக்கும் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டுகளில் மழை அளப்பது பழைய வழக்கம். ஆபீஸ் முன்னால் புல்தரையில் ஒரு உருளை நிற்கும். அதன் வாயில் புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை எட்டு மணிக்கு கிளார்க் வந்து பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே எழுதுவார். முந்தின நாள் காலை எட்டு முதல் இன்று காலை எட்டு வரை விழுந்ததுதான் இன்றைய மழை. செல்லையாவின் நிலத்துக்கு மேலே இருந்த எஸ்டேட்டில் முப்பது வருடப் பதிவேடு இருந்தது. ஹெட் கிளார்க் பழனிச்சாமி அவற்றைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தனையுமா எழுதப்போறீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறேனுங்க."

"ஏத்துங்க, ஏத்துங்க. ஏதாச்சும் புரியலைனா கேளுங்க."

இந்த வாக்கியத்தைப் பிற்காலத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு. ஏதாவது புரியாவிட்டால்தானே கேட்பதற்கு? எனக்கு எல்லாம் புரிந்தது. மழை இருந்தால் எண் இருந்தது. மழை இல்லாத நாட்களில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. சில கட்டங்களில் ஒன்றும் எழுதாமல் சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தது. 'இல்லை' என்பதற்குப் பூஜ்யம் அடித்தேன். கோட்டுக்கும் பூஜ்யம் அடித்தேன். எழுதச் சோம்பல்பட்டுக் கோடு போட்டிருக்கிறார் என்று எண்ணி, பழனிச்சாமியை மனதுக்குள் மன்னித்தும் விட்டேன்.

பதினோராயிரம் கட்டங்களை அடித்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. செல்லையாவின் இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதிவேடுகளில் பதிலே இல்லை. நாளுக்கு ஒரு எண்தான். அந்த எண் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்று பாட்டிலுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று மேடத்திடம் போய் நிற்க வெட்கமாக இருந்தது. ஆகவே யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தேன். மாதவாரியாகக் கூட்டினேன், அமாவாசை பார்த்துக் கூட்டினேன், கடைசியில் கிழமைவாரியாகக் கூட்டினேன். அது ஒரு புதன்கிழமை.

வரைபடத்தில் திங்கள் மட்டும் தென்னைமரம்போல் நின்றது. மற்ற நாட்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஞாயிறு தரையோடு தரையாகக் கிடந்தது. (இரண்டு மடங்கு என்றதுமே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.)

காரணம் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை மலைக்குச் சுற்றுலா வண்டிகள் வருகின்றன. புகை மேலே போகிறது. காற்றில் தூசி அதிகமானால் மேகத்து ஈரம் அத்தனை தூசியிலும் பங்கு பிரிந்து, துளிகள் சின்னதாகவே நின்றுவிடும், விழாது. இதுவரை பாடப்புத்தகம். ஆகவே ஞாயிறன்று மழை தங்கிவிடுகிறது. வண்டிகள் இறங்கிப் போனதும், தங்கியது அத்தனையும் திங்களன்று கொட்டுகிறது. இது நான். இவ்வளவு அழகான விளக்கம் தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை.

வெளியூரில் தேர்வுப் பணியில் இருந்த மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். 'ஞாயிறு ஏன் இவ்வளவு குறைவு என்று பார்' என்று பதில் வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறு சனிக்கிழமை கருத்தரங்கில் என் பெயரைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அரவேணுவுக்கு பஸ் ஏறினேன்.

செல்லையா களைக்கொத்தோடு பாத்தி ஓரத்தைச் சீர் செய்துகொண்டிருந்தார். மடிக்கணினியை வரப்பின் மேல் வைத்துப் படத்தைக் காட்டினேன். புகையையும் தூசியையும் விளக்கினேன். அவர் கொத்தின் காம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"மழைக்குக் கெழம தெரியுமா டீச்சர்?"

"மழைக்குத் தெரியாதுங்க. வண்டிக்குத் தெரியும்."

"நா கேட்டது கெழம இல்லியே. எத்தன நிமிசம்னு இல்ல கேட்டேன்?"

"அதுக்கு மேல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேனுங்க. திங்கக்கிழமை தாண்டிட்டா அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் பெரிய மழைக்கு வாய்ப்பு கம்மி. செவ்வாய்க்கிழமை விதை போட்டீங்கன்னா ஆறு நாள் கையில இருக்கு. அதுக்குள்ள மண்ணு கொஞ்சம் இறுகிடும்."

இதைச் சொன்னவளை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்து நான்கு வயது. தொப்பி வேறு போட்டிருந்தாள்.

புரட்டாசிக் கடைசி அது. செல்லையா மேற்கே மேகத்தைப் பார்த்தார். "ஐப்பசி பாதி வரைக்கும் பொறுக்கலாம்னு இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் மடிக்கணினியைப் பார்த்தார். அதில் முப்பது வருடம் இருந்தது. அவரிடம் ஒரு சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

"முப்பது வருசத்து மழைய ஒத்த ஆளா எண்ணிருக்கீங்க. சும்மாவா சொல்வீங்க?"

செவ்வாய்க்கிழமை விதைத்தார்.

சனிக்கிழமை கருத்தரங்கு. பதிவேடு தந்தவரையும் விவசாயியையும் அழைப்பது மரியாதை என்று மேடம் சொல்லியிருந்ததால் பழனிச்சாமி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. செல்லையா கமலாவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் வேட்டி ஓரத்தில் காய்ந்த சேறு இருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, நேரே வயலிலிருந்து வந்திருக்கிறார், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

பதினைந்து நிமிடம் பேசினேன். தென்னைமரம் திரையில் ஏறியதும் அறையில் ஒரு முணுமுணுப்பு. வண்டிப்புகை விளக்கத்துக்குப் பின்வரிசை மாணவர்கள்கூட நிமிர்ந்தார்கள். கேள்வி உண்டா என்று மேடம் கேட்டார். கடைசி வரிசையில் செல்லையா எழுந்தார். கமலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"ஒரு சின்ன சந்தேகங்க. ஞாயித்துக்கெழம அந்தப் போத்தல்ல கெடக்குற தண்ணிய யாரு அளக்குறது?"

பழனிச்சாமி, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவுங்க. அன்னைக்குக் கோடு போட்டுருவேன். திங்கக்கிழமை காலையில வந்து ரெண்டு நாளையும் சேர்த்து அளந்து எழுதுவேனுங்க. ரொம்பப் பெரிய மழைன்னா மட்டும் பாட்டில் ரொம்பி வழிஞ்சுருமேன்னு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவேன். வாட்ச்மேனுக்கு அளவு பார்க்கத் தெரியாதுங்க." பிறகு என்னைப் பார்த்து, மிகுந்த கனிவோடு, "நீங்க கேக்கவே இல்லீங்களே, அம்மிணி" என்றார்.

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. "அப்ப ஞாயிறு மழை லீவா?" என்றான் ஒருவன். "திங்கள் ஓவர்டைம்" என்றான் இன்னொருவன். மேடம் சிரிக்கவில்லை. திரையில் தென்னைமரம் அப்படியே நின்றது, அதை எப்படி அணைப்பது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. கோடு வேறு, பூஜ்யம் வேறு. 'அளக்கவில்லை' என்பதை நான் 'பெய்யவில்லை' என்று எழுதியிருந்தேன். சனி காலை முதல் திங்கள் காலை வரை விழுந்ததையெல்லாம் திங்கள் தலையில் ஏற்றியிருந்தேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துத் தண்ணீர் அது.

அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவமானம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

பஸ் நிலையத்தில் அவர்களைப் பிடித்தேன். செல்லையா முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழம பேஞ்சுச்சே டீச்சர். பேயக்கூடாத கெழமையாச்சேன்னு யோசிச்சேன். அப்ப கணக்கு எங்கயோ தப்புன்னு, இவகிட்ட அந்தப் போத்தல யாரு பாக்குறதுன்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம காலையில பேரு கூப்புடுற பெரட்டும் இல்ல, ஆபீசும் இல்லன்னா."

"வியாழக்கிழமை... எவ்வளவு?"

கமலாதான் சொன்னாள். "பாத்தியே இல்ல டீச்சர். எல்லாம் ஓடையில கெடக்கு. அப்பா காலையில இருந்து சேத்த அள்ளி மேல போட்டுக்கிட்டு நின்னாரு. சேத்துல வெத தெரியுமா?"

"ஏய், சும்மா இரு" என்றார் செல்லையா. என்னிடம் திரும்பி, "நா ஐப்பசிக்குப் பொறுத்திருக்கணும். உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார். அரவேணு பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "கால் மணித்தியாலங்கூட பேயல டீச்சர்" என்றார். அதைத்தான் அவர் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே நிலத்துக்காரர் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செல்லையா கொத்து, மண்வெட்டி, தெளிப்பான் மூன்றையும் தூக்கிக்கொண்டு மகளின் லயத்துக்குக் குடியேறினார்.

மேடம் என்னைத் திட்டவில்லை. மழையை நிமிடக்கணக்கில் பதியும் கருவி ஒன்று துறையின் அலமாரியில் பெட்டியோடு கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தார். அதன் புனலுக்குக் கீழே சீசாப் பலகைபோல் இரண்டு சின்னக் கிண்ணங்கள் உண்டு. ஒன்று நிரம்பியதும் அதன் கனத்தில் கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டும், மற்றது மேலே வந்து புனலுக்கு நேரே நிற்கும். ஒரு கவிழ்ப்புக்கு ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் மழை. ஒவ்வொரு கவிழ்ப்பின் நேரத்தையும் கருவி குறித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக அனுப்பிவிடும். டிக், டிக் என்று மெதுவாகக் கவிழ்ந்தால் தூறல். படபடவென்று கவிழ்ந்தால் செல்லையாவின் மழை.

அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு வாரம் போயிற்று. மரத்தடியில் வைத்தால் இலை மழையைத் தடுக்கும். தடுப்பின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளியாவது நிற்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களிலிருந்து தள்ளி ஒரு மேட்டைச் செல்லையாதான் காட்டினார். பழனிச்சாமி மேனேஜரிடம் அனுமதி வாங்கித் தந்தார். (என் மானத்தை வாங்கியதற்கு அவர் செய்த ஈடு.)

"இனிமே இதுக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடையாதுல்ல?" என்றார் செல்லையா.

கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்த லயத்தில் என் பெயர் 'திங்கக்கெழம டீச்சர்'.

கருவியைக் காப்பது அவர் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை. தினமும் காலை புனலில் விழுந்த சருகையும் பூச்சியையும் எடுத்துவிட்டு, வலையைத் துடைத்து வைப்பார். மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க, ஒரு இரும்பு வளையத்தைத் தரையில் அடித்து இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் நேரத்தைக் குறிப்போம். நான் அளவுகோலைப் பார்க்க, அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவருடைய பழைய நிலத்தில் காட்டேஜுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே போய், தோண்டாத ஒரு மூலையில், மேஸ்திரியிடம் கெஞ்சி இடம் கேட்டு வளையம் அடித்தோம்.

"வெத போட மண்ணு இல்ல, டீச்சர். இனி தெரிஞ்சு என்ன ஆவப்போவுதுன்னு கமலா கேக்குறா" என்றார் ஒருநாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டாச்சே, பதில் வரட்டும்னேன்."

முதல் பருவத்தில் ஒன்று பிடிபட்டது. புரட்டாசியில் ஒரு நாள், ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், இரண்டுக்கும் எஸ்டேட் பதிவேட்டில் ஒரே எண். முப்பது மில்லிமீட்டர். எங்கள் கருவியில் முதல் நாள் மழை பிற்பகல் இடியோடு இருபது நிமிடத்தில் முடிந்திருந்தது. இரண்டாம் நாள் மழை விடிகாலையிலிருந்து இருட்டும் வரை பெய்திருந்தது. பின்னதை மண் முழுக்கக் குடித்தது. ஊற்றுக்குப் போகும் தண்ணீர் அதுதான். முன்னது மண் குடிக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் விழுந்ததால், மேலோடே வழிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போயிற்று. பதிவேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது, இன்னும் ஒன்றாவது வேண்டும் என்றேன். ஒரு தடவை சூடு பட்டிருந்தேன்.

"பொறுப்போம்" என்றார் செல்லையா.

இரண்டாம் பருவத்து ஐப்பசியில் தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று வாரம் மேட்டுப்பாளையத்தில் இருந்தேன். கருவி அனுப்பும் எண்களைத் தினமும் வீட்டிலிருந்தே பார்த்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு மழையின் குணம் மாறியது. கோபமே இல்லை. ஒரு மழை மதியம் தொடங்கினால், ஒரே சீராக, மெதுவாக, ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் பெய்தது. மறுநாளும் அப்படியே. இத்தனை அமைதியான மழையை இரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக் கூச்சலில் ஒரு மூலையில் உட்கார்ந்து, இதற்கு ஒரு காரணம்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அழகான காரணம்.

பிறகு, பழைய சூட்டின் நினைவில், பழனிச்சாமிக்குப் போன் செய்தேன்.

"மெதுவாவா? ஏனுங்க அம்மிணி, இங்க நேத்து அடிச்ச அடியில ஆபீஸ் ஓடே பேந்துபோச்சு. அர மணி நேரந்தான்."

"அப்ப எங்க கருவியில..."

"அதுல சருகு அடைச்சிருக்கும். பார்க்க ஆளு இல்லீங்களே." பிறகுதான் கேட்டார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

செல்லையா காய்ச்சல் என்று படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பவில்லை. இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அரவேணுவுக்குப் போனேன். கமலா என்னைப் பார்த்ததும் அழுதாள். "யாருக்கும் சொல்லணும்னே தோணல டீச்சர்" என்றாள். லயத்துக்குப் பின்னால் மேட்டுக்குப் போய்ப் புனலைப் பார்த்தேன். சில்வர் ஓக் சருகுகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையை மூடியிருந்தன. அதன் மேல் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றது. அது சொட்டுச் சொட்டாகக் கீழே கசிந்துகொண்டிருந்தது. டிக். நான் மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்து அமைதியான மழை என்று படித்தது இதைத்தான். வரிசையைப் பின்னோக்கிப் பார்த்தால், எந்தக் காலையோடு அந்தப் புனலைத் துடைக்கும் கை நின்றது என்று தேதி போட்டுச் சொல்லலாம். அது என்னிடம் இரண்டு வாரமாக இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த இரண்டு வாரத்து எண்களைப் பூஜ்யம் என்று எழுதவில்லை. தூறல் என்றும் எழுதவில்லை. ஆய்வேட்டில் அந்தக் கட்டங்களில் சின்னக் கோடு இருக்கிறது. அடிக்குறிப்பில் 'புனல் அடைபட்டிருந்தது, பார்த்துக்கொண்டவர் காலமானார்' என்று எழுதினேன். தேர்வாளர் இரண்டாம் பகுதி தேவையில்லை என்று அடித்தார். மேடம் அதைத் திரும்ப எழுதச் சொன்னார்.

பதில் கிடைத்தது. அந்தச் சரிவில் வேகமான மழைகளில் பெரும்பாலானவை புரட்டாசிப் பிற்பகல்களிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் இடியோடு வந்தன. வடகிழக்குப் பருவமழை நிலைத்த பிறகு வந்தவை நீண்டவை, மெதுவானவை, புயல் நாட்களைத் தவிர. ஐப்பசி பாதி தாண்டி விதைத்து, முளைக்கும் வரை பாத்திமேல் காய்ந்த புல்லைப் பரப்பி வைத்தால் விதை மண்ணில் நிற்க வாய்ப்பு அதிகம். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. செல்லையா அன்று மேகத்தைப் பார்த்துச் சொன்னது இதில் பாதி. அவர் ஊற்று வற்றியதற்கு, மழை முன்பு மெதுவாகப் பெய்து இப்போது வேகமாகப் பெய்வதுதான் காரணமா என்பதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. முன்காலத்து நிமிடங்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

முடிவைக் கமலாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அப்பாவைப்போலவே கையை ஊன்றிக்கொண்டு.

"அப்ப அவரு பொறுத்திருந்தா..."

"நின்னிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"பரவால்ல. கேட்டதுக்குப் பதில் வந்துருச்சுல்ல" என்றாள். கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு மேலே போனாள்.

என் வீட்டில் இந்தக் கதையின் முதல் பாதி மட்டும்தான் பிரபலம். திங்கட்கிழமை காலைகளில், வானம் பளிச்சென்று இருந்தாலும், "குடையை எடுத்துக்கோ, ஓவர்டைம் பார்க்கும்" என்று அப்பா குரல் கொடுப்பார். அலுவலகத்திலும் தெரிந்துவிட்டது. மழை அளவுச் செய்தி வந்தால் என் மேசைக்குத்தான் அனுப்புகிறார்கள், இது ஒரு நாள் மழையா இரண்டு நாள் மழையா என்று நான் கேட்பேன் என்பதற்காகவே.

கமலா இப்போதும் போன் செய்வாள். திங்கட்கிழமை மழை வந்தால் மட்டும்.

"திங்கக்கெழம டீச்சரா? இங்க பேயுது, உங்க மழை."

இருவரும் சிரிப்போம். பிறகு நான் கேட்பேன்.

"எத்தன நிமிசம்?"

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவர அவளுக்கு அவகாசம் தேவைப்பட்டதே இல்லை. மழை தொடங்கியதுமே அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பாள்.